புதன் சாயங்காலம் 5 மணி

அம்மாவுக்கு 69 வயது. சர்க்கரை நோய் இருபது வருடமாக இருக்கிறது, அதனால் சிறுநீரகமும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. புதன்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், "என்னமோ குளிருதுடி" என்று போர்வை கேட்டார். அரை மணி நேரத்தில் பல் கிட்டியது, முதுகும் தொடையும் அடித்துப் போட்டது போல வலிக்கிறது என்றார். தெர்மாமீட்டர் 102 காட்டியது. எனக்கு ஞாயிறு காலையிலிருந்தே இதே காய்ச்சல். அவருக்கும் இது ஒட்டிக்கொண்டுவிட்டது என்று உடனே புரிந்துவிட்டது.

மறுநாள் காலை 9 மணிக்கு இருவரும் டாக்டர் முன்னால் இருந்தோம். காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதைக்கூடக் கேட்காமல், "எப்ப ஆரம்பிச்சது? மணி சொல்லுங்க" என்றார். குளிர் தொடங்கியதும் கைப்பேசியில் நேரத்தைக் குறித்து வைத்திருந்தேன். அம்மாவுக்கு 16 மணி நேரம், எனக்கு நான்கு நாள்.

மூக்கில் குச்சி விட்டு எடுத்த ஃப்ளூ ரேபிட் டெஸ்ட் அம்மாவுக்கு நெகட்டிவ் என்று வந்தது. அப்படியானால் ஃப்ளூ இல்லையா என்று கேட்டேன். ரேபிட் டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் நம்பலாம், நெகட்டிவ் என்றால் நம்ப முடியாது, ஃப்ளூ உள்ளவர்கள் நிறைய பேரை அது தவறவிடும் என்றார் டாக்டர். "வீட்டுல ஒருத்தருக்கு இருக்கு, திடீர்னு குளிர் காய்ச்சல், வயசு, சர்க்கரை. இது போதும். பிசிஆர் அனுப்புவோம், ஆனா அது வர்ற வரைக்கும் மாத்திரைக்குக் காத்திருக்க வேண்டாம்." அம்மாவுக்கு ஒசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்தை எழுதினார். எனக்கு எழுதவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு வருத்தமாகவே இருந்தது. அவர் ஒரு தாளில் வட்டம் போட்டு விளக்கிய பிறகுதான் காரணம் விளங்கியது.

வட்டம் நம் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள ஒரு செல். அதன் மேல்பரப்பில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருள் முடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ஃப்ளூ வைரஸ் அதைப் பிடித்துக்கொண்டுதான் செல்லுக்குள் நுழைகிறது. உள்ளே தன்னைப் பல நூறாகப் பெருக்கிக்கொண்டு செல்லின் மேல்சவ்வில் மொட்டு விட்டு வெளியே வருகிறது. ஆனால் வெளியே வந்ததும் அதே சியாலிக் அமிலத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே போக உதவிய பிடியே கிளம்பும்போது தளையாகிறது. அதை வெட்டிக்கொண்டு போகத்தான் வைரஸ் நியூராமினிடேஸ் என்ற நொதியை வைத்திருக்கிறது. கத்தரிக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒசெல்டாமிவிர் அந்தக் கத்தரிக்கோலின் வாய்க்குள் போய் மாட்டிக்கொள்கிறது. புது வைரஸ்கள் பிறந்த செல்லிலேயே கொத்தாக ஒட்டிக்கிடக்கும், பக்கத்துச் செல்லுக்குப் போக முடியாது.

ஆக, இந்த மருந்து வைரஸைக் கொல்வதில்லை, ஏற்கெனவே பிடிபட்ட செல்லை மீட்பதும் இல்லை. இன்னும் பிடிபடாத செல்களைக் காப்பாற்றுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் நேரம் இவ்வளவு முக்கியமாகிறது. ஒரு செல்லில் நுழைந்த வைரஸ் ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் அடுத்த தலைமுறையை வெளியே விட்டுவிடும். ஒரு நாளைக்கு மூன்று சுற்று. புரிவதற்காக ஒரு கணக்கு: ஒரு செல் இருபது செல்லைக் கெடுக்கிறது என்று வைத்தால், ஒரே நாளில் 20, 400, 8,000. முதல் சுற்றில் குறுக்கே நின்றால் தடுப்பது எவ்வளவு, மூன்றாவது சுற்றுக்குப் பிறகு நின்றால் எவ்வளவு என்று பாருங்கள்.

இந்தப் பெருக்கம் ரொம்ப நாள் நீடிப்பதும் இல்லை. அறிகுறி தொடங்கி முதல் இரண்டு மூன்று நாளில் வைரஸின் அளவு உச்சத்தைத் தொட்டு, அப்புறம் தானாகவே இறங்குகிறது. காய்ச்சலும் உடம்பு வலியும் பெரும்பகுதி நம் எதிர்ப்புச் சக்தி போடும் சண்டையால் வருபவை. நான்காம் நாளில் எனக்கு இருந்தது அந்தச் சண்டையின் அசதிதான். அந்த நேரத்தில் கத்தரிக்கோலைப் பூட்டினால் மருந்துக்கு மிச்சமிருக்கும் வேலை கொஞ்சம்தான். முதல் 12 மணி நேரத்துக்குள் தொடங்கியவர்களுக்கு, 48 மணி நேரத்தில் தொடங்கியவர்களைவிட நோய் மூன்று நாள் வரை குறைந்ததாக ஓர் ஆய்வு உண்டு. ஆனால் 48 மணி நேரத்துக்குள் தொடங்கிய, மற்றபடி நலமாக இருக்கும் பெரியவர்களை மொத்தமாகப் பார்த்தால் சராசரி லாபம் ஒரு நாளுக்கும் குறைவுதான் என்றும் டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

"அம்மாவும் நாலு நாள் கழிச்சு வந்திருந்தா கொடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன். கொடுப்பேன் என்றார். வயதானவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமாவோ சர்க்கரையோ உள்ளவர்கள், மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்பவர்கள் இவர்களிடம் வைரஸ் நீண்ட நாள் பெருகலாம், நுரையீரலுக்கும் இறங்கலாம். அங்கே தாமதமான மருந்தும் பயன்படலாம், பலன் மட்டும் குறையும். 48 மணி நேரம் தாண்டினால் எல்லோருக்கும் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று நான் நினைத்திருந்தது தவறு.

வழக்கமான அளவு 75 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, ஐந்து நாள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனையில் அம்மாவின் கிரியாட்டினினைப் பார்த்துவிட்டு டாக்டர் அதை 30 மில்லிகிராமாகக் குறைத்தார். மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது, சிறுநீரகம் மெதுவாக வேலை செய்தால் உடம்பில் தேங்கிவிடும். வீட்டில் வேறு யாருக்கோ வாங்கிய 75-ஐ எடுத்துக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

முதல் கேப்சூலை வெறும் வயிற்றில் கொடுத்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் குமட்டல், இனி வேண்டாம் என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரவுக் கேப்சூலைச் சாப்பாட்டோடு கொடுத்ததும் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. வெள்ளிக்கிழமை பிசிஆர் வந்தது, இன்ஃப்ளூயன்சா ஏ பாசிட்டிவ். ரேபிட் டெஸ்டை நம்பி அதுவரை காத்திருந்தால் ஒரு நாளுக்கும் மேல் போயிருக்கும்.

வெள்ளி மாலை 101, சனி காலை 99. சனி இரவு, "சரியாயிடுச்சே, இனி எதுக்கு?" என்று கேப்சூலைத் தள்ளி வைத்தார். காய்ச்சல் இறங்கினாலும் வைரஸ் முழுதாகப் போயிருக்காது என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்ததால் கெஞ்சிக் கொடுத்தேன். பத்தும் முடிந்தன. நடுவில் காலை மாலை ஆக்சிமீட்டரில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டேன். காய்ச்சல் ஒருமுறை நின்று இரண்டு நாள் கழித்துத் திரும்ப ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ பாக்டீரியா நிமோனியாவாக இருக்கலாம், அதற்கு இந்த மாத்திரை உதவாது, உடனே வர வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பு. நல்லவேளையாக அப்படி எதுவும் வரவில்லை.

எனக்குக் காய்ச்சல் ஐந்து நாள், அம்மாவுக்கு மூன்று நாளுக்கும் குறைவு. மருந்தால்தான் என்று இரண்டு பேரை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, மருந்தில்லாமலும் அவருக்கு லேசாகவே வந்து போயிருக்கலாம். வறட்டு இருமல் இருவருக்கும் இரண்டு வாரம் இருந்தது.

ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கப் போனபோது டாக்டர் அம்மாவின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். "அம்மா, அடுத்த தடவை குளிரினா மக போர்வை எடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணச் சொல்லுங்க" என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "மணியும் குறிச்சுக்கிட்டுத்தான் பண்ணுவா" என்றார்.