இன்சுலின் போட்டீங்களா, சாப்டீங்களா, குடிச்சீங்களா?

இங்கிலாந்துல கிரிமினல் டிஃபென்ஸ் பக்கம் வேலை பாக்குறேன். சுகர் இருக்கிற ஒருத்தர் அடிதடி கேஸ்ல வந்து "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல"ன்னு சொன்னா சண்டையப் பத்தி நான் முதல்ல கேக்கவே மாட்டேன், தலைப்புல இருக்கிற மூணு கேள்விதான் கேப்பேன்.

இன்சுலின் போட்டுட்டு சாப்பிடாம விட்டா சுகர் சர்ருன்னு இறங்கி என்ன பண்றோம்னே தெரியாம போகலாம். 1973ல வந்த குயிக் கேஸ் அதுதான், மனநல ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தர் நோயாளிய அடிச்சுட்டார், காரணம் வெளியிலிருந்து உடம்புக்குள்ள போன இன்சுலின், அதனால இது ஆட்டோமேட்டிசம், அதாவது தன் கட்டுப்பாட்டுல இல்லாம உடம்பு தானா செஞ்சது, இன்சானிட்டி, அதாவது சட்டம் சொல்ற புத்தி பேதலிப்பு இல்லன்னு அப்பீல் கோர்ட் தண்டனைய ரத்து பண்ணிடுச்சு. 1989ல ஹென்னெஸி அப்படியே தலைகீழ், அவர் சில நாளா இன்சுலினே போடல, சுகர் ஏறிடுச்சு, திருட்டுக் காரை ஓட்டிட்டார். இங்க காரணம் நோயேதான், அதனால இன்சானிட்டி எதுன்னு சொல்ற 1843 மெக்நாட்டன் விதிப்படி அது மனசோட நோய், அதாவது இன்சானிட்டி. ஒரே வியாதி, போட்ட ஊசிக்கும் போடாத ஊசிக்கும் நடுவுல சட்டம் கோடு போட்டிருக்கு. எனக்கு இது இன்னும் அபத்தமாத்தான் படுது.

ஆட்டோமேட்டிசம்னா நாங்க கொஞ்சம் ஆதாரம் காட்டினா போதும், அது பொய்னு சந்தேகமில்லாம நிரூபிக்க வேண்டியது அரசு தரப்பு, முடியலன்னா முழு விடுதலை. இன்சானிட்டின்னா நிரூபிக்கிற சுமை நம்ம தலைல, ஜெயிச்சாலும் "இன்சானிட்டியால குத்தவாளி இல்ல"ங்கற தனி வகைத் தீர்ப்பு. 1991 சட்டத்துக்கு முன்னாடி அப்படி ஜெயிச்சவங்கள ஆஸ்பத்திரில அடைக்கிறது தவிர வேற வழியே இல்ல, அதனாலதான் குயிக்கும் ஹென்னெஸியும், உங்க வாதம் இன்சானிட்டிதான்னு ஜட்ஜ் சொன்னதும், விசாரணைல "நான் குத்தவாளிதான்"னு ஒத்துக்கிட்டு போனாங்க.

என்கிட்ட வந்த ஒருத்தர் காலைல ஊசி போட்டு மதியச் சாப்பாட்ட விட்டுட்டார், கூட வேலை பாக்கிறவர அடிச்சுட்டார். ஆம்புலன்ஸ் தாள்ல சுகர் இங்கத்து mmol/L அளவுல 2.1னு இருந்துச்சு, 4க்கு கீழ போனாலே லோ, அதனால குயிக் பக்கம்தான். அரசு தரப்பு உடனே 1983 பெய்லி கேஸ எடுத்தாங்க, சாப்பிடலன்னா முரட்டுத்தனம் வரும்னு தெரிஞ்சே விட்டிருந்தா இந்த மாதிரி தாக்குதலுக்கு தப்பிக்க முடியாது. இங்க எல்லாமே அவருக்கு என்ன தெரிஞ்சிருந்துச்சுங்கறதுலதான் இருக்கு, ஏன்னா குடிச்சா புத்தி தடுமாறும்னு ஊருக்கே தெரியும், சாப்பிடலன்னா கை ஓங்குவோம்னு எல்லாருக்கும் தெரியாதுன்னு அந்தக் கோர்ட்டே சொல்லியிருக்கு. டாக்டர் ரெக்கார்ட வாங்கி ஒவ்வொரு பக்கமா பாத்தோம், இதுக்கு முன்னாடியும் சுகர் இறங்கியிருக்கு, ஆனா வேர்வை நடுக்கம் மட்டும்தான், ஒரு இடத்துலயும் கோவம்னு எழுதல. அதுதான் எங்கள காப்பாத்துச்சு.

மூணாவது கேள்விக்கு "ரெண்டு பியர்"னு பதில் வந்திருந்தா கதையே வேற. 1976 மஜெவ்ஸ்கி தீர்ப்புப்படி தானா குடிச்ச போதை இந்த வகை தாக்குதலுக்கு சாக்கே இல்ல, அப்புறம் நினைவு போனது இன்சுலினாலயா பியராலயான்னு பிரிச்சுக் காட்ட சர்க்கரை டாக்டர் ஒருத்தர கூண்டுல ஏத்தி மல்லுக்கட்டியிருக்கணும். நல்ல வேளை, இவர் சொட்டு கூட தொடல.