சமக்குறி நேராக வந்தால் பிழை தெரியும்

யாழ்ப்பாணத்தில் சாதாரண தரத்துக்குப் படித்தபோது, தவணைப் பரீட்சையில் (x+3)/2 - (x-1)/3 = 4 என்ற சமன்பாட்டை ஒரே வரியில் இப்படித் தீர்த்திருந்தேன்:

```
(x+3)/2 - (x-1)/3 = 3(x+3) - 2(x-1) = x + 11 = 4
```

விடை x = −7 என்று வந்தது. ரியூசன் சேர் முதலாவது சமக்குறியில் பேனையை வைத்து, "பிள்ளை, இந்த இரண்டும் சமனோ?" என்று கேட்டார். சமன் இல்லை. இரண்டாவது கோவை முதலாவதின் 6 மடங்கு. இடப்பக்கத்தை மட்டும் 6 ஆல் பெருக்கி, வலப்பக்கத்து 4 ஐ அப்படியே விட்டிருக்கிறேன். பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனதால், அந்த 4 கடைசி வரைக்கும் என் கண்ணில் படவேயில்லை.

அதன் பிறகு இப்படித்தான் எழுதினேன்:

```
(x+3)/2 - (x-1)/3 = 4
  3(x+3) - 2(x-1) = 24   (இருபக்கமும் × 6)
  3x + 9 - 2x + 2 = 24   (அடைப்பு நீக்க)
           x + 11 = 24   (நிகர்த்த உறுப்புகளைச் சேர்க்க)
                x = 13   (இருபக்கமும் - 11)
```

புது வரி தொடங்கும்போது முதலில் மேலேயுள்ள சமக்குறிக்கு நேர் கீழே "=" போடுங்கள். பிறகு வலப்பக்கம், கடைசியாக இடப்பக்கம். இடப்பக்கம்தான் நீளும், சுருங்கும்; ஆகவே முதல் வரியிலேயே அதற்குத் தாராளமாக இடம் விடவேண்டும். கொப்பியில் பின்னத்தை மேலும் கீழுமாக எழுதுகிறபோது சமக்குறி பின்னக்கோட்டின் மட்டத்தில் நிற்கட்டும்.

காரணத்தை எழுதும்போது "பெருக்க" என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. "இருபக்கமும் × 6" என்று எழுதுகிற கை, 4 ஐ 24 ஆக்காமல் போவது கடினம். அடைப்பு நீக்கும் வரியில் எனக்கு அடிக்கடி சறுக்கியது −2 × −1. அதை −2 என்று எழுதிவிட்டால் x = 17 வரும். குறி மாறும் இடத்தில் (−2)(−1) = +2 என்று ஓரமாகக் குறித்துக்கொள்வேன். 24 − 11 = 13 போன்றதற்கு விளக்கம் தேவையில்லை, நேரம்தான் போகும்.

சுருக்கச் சொல்லும் கணக்கு வேறு. அங்கே கோவையை ஒரு தடவை எழுதி, அடுத்தடுத்த வரிகளில் வலப்பக்கத்தை மட்டும் "=" போட்டுக் கீழே இறக்கலாம், ஏனென்றால் எதையும் பெருக்கிப் பெறுமானத்தை மாற்றவில்லை. இந்த முறையைச் சமன்பாட்டுக்குக் கொண்டுபோனதுதான் என் முதல் பிழை.

முடிந்ததும் x = 13 ஐ முதல் வரியிலேயே பிரதியிடுங்கள், இரண்டாம் வரியில் அல்ல. 16/2 − 12/3 = 8 − 4 = 4. இரண்டாம் வரியில் பிரதியிட்டிருந்தால், 6 ஆல் பெருக்கியதில் வந்த பிழை அங்கேயும் ஒளிந்திருக்கும். 3(x+3) - 2(x-1) = 4 என்ற வரியில் −7 கூடச் சரியென்றே காட்டியிருக்கும்.