பெருக்குவதற்கு முன்னால் காரணிப்படுத்துங்கள்

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் ஒரே கணக்கில் இருபது நிமிடத்தை விட்டேன். பெரம்பூரில் நான் டியூஷன் போன அக்கா, விடைத்தாளைப் பார்த்ததும், "ஏன்டா பெருக்கின?" என்று மட்டும் கேட்டார். விகிதமுறு கோவைகளின் வகுத்தல் கணக்கு அது. அதே மாதிரியான ஒன்று:

(x² − 9)/(x² + 5x + 6) ÷ (3 − x)/(x² − 4)

வகுத்தல் என்றால் இரண்டாவதைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால் உடனே பெருக்கிவிட்டேன். மேலே x⁴ − 13x² + 36, கீழே −x³ − 2x² + 9x + 18 என்று வந்து நின்றது. இதிலிருந்து பொதுக் காரணியைத் தேடுவது, கலந்துவிட்ட மாவிலிருந்து அரிசியையும் உளுந்தையும் பிரிப்பது போலத்தான்.

அக்கா பேனாவை வாங்கி, நான்கு கோவைகளையும் முதலில் உடைத்தார். தலைகீழாக்கியது அதற்கு அப்புறம்தான்.

(x − 3)(x + 3)/[(x + 2)(x + 3)] × (x − 2)(x + 2)/(3 − x)

இப்போது (x + 3) மேலும் கீழும் அடிபடும், (x + 2) அடிபடும். மிச்சம் (x − 3)(x − 2)/(3 − x). இங்கேதான் பலரும் (x − 3)-ஐயும் (3 − x)-ஐயும் ஒன்றென்று நினைத்து அடித்து, x − 2 என்று எழுதிவிடுகிறார்கள். 3 − x என்பது −(x − 3). அதனால் அடித்த பிறகு ஒரு கழித்தல் குறி மிஞ்சும். விடை −(x − 2), அதாவது 2 − x.

சரிபார்க்க x = 1 போடுங்கள். முதல் பின்னம் −8/12, அதாவது −2/3. இரண்டாவதும் 2/(−3), அதாவது −2/3. வகுத்தால் 1. நம் விடை 2 − 1, அதுவும் 1. x − 2 என்று எழுதியிருந்தால் −1 வந்து காட்டிக்கொடுத்திருக்கும்.

இதே சோதனை இன்னொரு தவறையும் பிடிக்கும். முதல் பின்னத்தில் மேலும் கீழும் x² இருக்கிறதே என்று அதை அடித்து −9/(5x + 6) என்று எழுதுவார்கள். x = 1 எனில் அது −9/11; உண்மையான மதிப்போ −2/3. கூட்டலாலும் கழித்தலாலும் சேர்ந்து நிற்கும் உறுப்பைத் தனியாக அடிக்க முடியாது, முழுக் கோவையையும் பெருக்கி நிற்கும் காரணியைத்தான் அடிக்கலாம். காரணிப்படுத்தாமல் அடிக்கக் கூடாது என்பதற்குக் காரணமே இதுதான்.

அடிபட்ட காரணிகளை ஓரத்தில் குறித்து வையுங்கள். விடை 2 − x என்று எளிதாக இருந்தாலும், x = −3, −2, 2 ஆகியவற்றில் முதலில் கொடுத்த இரண்டு பின்னங்களில் ஏதோ ஒன்றின் பகுதி பூச்சியமாகிவிடும், எனவே அவை விலக்கப்பட்ட மதிப்புகள். வகுத்தலில் மட்டும் இன்னொன்றும் சேரும்: x = 3 எனில் 3 − x பூச்சியம், அதாவது நாம் பூச்சியத்தால் வகுக்கிறோம். தலைகீழாக்குவதற்கு முன்பு அது தொகுதியில் இருந்ததால், இதைத்தான் நான் வெகுநாள் கவனிக்காமல் விட்டேன்.