36 மாணவர்களுக்கு 40 தலைப்புகள்: ஆக்மென்டிங் பாதையைக் கொண்டு ப்ராஜெக்ட் ஒதுக்கிய அனுபவம்

எங்கள் துறையில் முதுநிலைக் கணினி அறிவியல் மாணவர்களுக்கு இறுதிப் பருவத்தில் ஆளுக்கொரு ப்ராஜெக்ட் தலைப்பு ஒதுக்க வேண்டும். முன்பெல்லாம் மதிப்பெண் வரிசைப்படி ஒவ்வொருவராக அழைத்து, மிச்சமிருப்பதில் விருப்பமானதை எடுத்துக்கொள்ளச் சொல்வோம். வரிசையின் கடைசியில் நிற்பவர்களுக்கு அவர்கள் விரும்பிய ஐந்து தலைப்புகளில் ஒன்றுகூட மிஞ்சாது. முந்தைய ஆண்டில் அப்படி ஐந்து பேர் தாங்கள் கேட்டே இராத தலைப்புகளில் நான்கு மாதம் உழைத்தார்கள். அந்த ஐந்து பேருக்கும் இடம் இருந்திருக்கக்கூடும் என்பதும், முன்னால் எடுத்தவர்களில் சிலர் தங்கள் இரண்டாவது விருப்பத்துக்கு நகர்ந்திருந்தாலே போதுமாயிருந்திருக்கும் என்பதும் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. ஆகவே அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டுப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒரு பக்கம் 36 மாணவர்கள், மறுபக்கம் 40 தலைப்புகள். மாணவர் தம் பட்டியலில் எழுதிய ஒவ்வொரு தலைப்புக்கும் அவரிடமிருந்து ஒரு கோடு. கோடுகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மட்டுமே செல்வதால் இது பைபார்டைட் கிராஃப். ஒருவருக்கு ஒரு தலைப்பு, ஒரு தலைப்புக்கு ஒருவர் என்னும்படி கோடுகளைத் தேர்ந்தெடுப்பதே மேட்சிங். இடம் கிடைக்காத ஒரு மாணவரிடமிருந்து புறப்பட்டு, அவர் விரும்பும் தலைப்புக்குப் போய், அதை வைத்திருப்பவரிடம் போய், அவர் விரும்பும் வேறொரு தலைப்புக்குப் போய், இப்படியே நடந்து யாரும் எடுக்காத ஒரு தலைப்பில் சென்று முடியும் வழிதான் ஆக்மென்டிங் பாதை. அந்த வழியில் இருப்பவர்களை எல்லாம் ஒரு படி நகர்த்தினால், ஏற்கெனவே இடம் பெற்ற எவரும் இடம் இழக்காமல் புதிதாக ஒருவர் உள்ளே வந்துவிடுவார். இத்தகைய பாதை ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றால், அதற்கு மேல் ஒருவரையும் கூடுதலாகச் சேர்க்க முடியாது என்று க்ளோட் பெர்ஜ் 1957-இல் நிறுவினார்.

எல்லோருக்கும் ஏதோ ஒரு தலைப்பு கிடைத்துவிட்டால் அது நியாயமாகிவிடாது. ஆகவே துறைக்கூட்டத்தில் ஒரு விதியை ஒப்புக்கொண்டோம்: எல்லோருக்கும் முதல் r விருப்பங்களுக்குள்ளேயே இடம் தரக்கூடிய மிகச் சிறிய r எது என்று முதலில் காண வேண்டும், அதன் பிறகுதான் மற்றவை. முதல் விருப்பக் கோடுகளை மட்டும் வைத்துத் தொடங்கி, இனிப் பாதை இல்லை என்றான பின் இரண்டாம் விருப்பக் கோடுகளைச் சேர்த்து, விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும். நான் எழுதிய நிரலின் உள்ளம் இவ்வளவுதான்:

```python
def place(s, seen, r):
    for t in choices[s][:r]:
        if t in seen:
            continue
        seen.add(t)
        if t not in owner or place(owner[t], seen, r):
            owner[t] = s
            return True
    return False

for r in range(1, 6):
    for s in students:
        if s not in owner.values():
            place(s, set(), r)
```

முதல் முறை ஓட்டியபோது தலைப்பு கிடைத்தவர்கள் r = 1-இல் 21 பேர், r = 2-இல் 27 பேர். r = 5 வரை போயும் 33 பேருக்குத்தான் இடம் கிடைத்தது. மூன்று பேரைக் கையால்தான் எங்காவது பொருத்த வேண்டும்போலும் என்று நானும் சக ஆசிரியரும் ஏறக்குறைய முடிவுக்கே வந்துவிட்டோம். ஆனால், இடமில்லை என்று அந்த மூவரிடம் சொல்லப்போகிறோம் என்றால் அதற்குரிய சான்றை அவர்களிடம் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அந்தச் சான்றை ஃபிலிப் ஹால் 1935-லேயே கொடுத்திருக்கிறார். ஒரு மாணவர் கூட்டம் எழுதிய தலைப்புகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து எண்ணினால் அவை அந்த மாணவர்களைவிடக் குறைவாக இருக்குமானால், அவர்கள் எல்லோருக்கும் இடம் தர யாராலும் முடியாது. அந்தக் கூட்டத்தைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. தோற்றுப்போன தேடலே அதைக் கையில் கொடுத்துவிடும். புறப்பட்ட மாணவரையும், `seen`-இல் விழுந்த தலைப்புகளை வைத்திருப்பவர்களையும் சேர்த்தால், தலைப்புகளைவிட ஒருவர் கூடுதலாக இருப்பார். அவர்களுடைய கோடுகள் எல்லாம் அந்தத் தலைப்புகளுக்குள்ளேயே அடங்கியிருக்கும். நான் ஒரு மாணவருக்கு அந்தக் கூட்டத்தை அச்சிட்டுப் பார்த்தபோது, அதிலிருந்தவர்களின் பட்டியல்களில் கூட்டத்தின் எண்ணிக்கையைவிட அதிகமான தலைப்புகள் இருந்தன. அவற்றுள் இரண்டு இன்னும் காலியாகவே கிடந்தன. அது சான்று ஆகாது. தவறு நிரலில்தான் இருக்க வேண்டும்.

கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. மேலே உள்ள நிரலில் ஒவ்வொரு மாணவருக்கும் புதிதாக `set()` தருகிறேன் அல்லவா, முதல் வடிவில் அதை மாணவர்களுக்கான லூப்புக்கு வெளியே ஒரே ஒருமுறைதான் உருவாக்கியிருந்தேன். முந்தைய மாணவருக்காகத் தேடியபோது தொட்ட தலைப்புகள் எல்லாம் அடுத்தவருக்கும் பார்த்தாயிற்று என்ற கணக்கில் போய்விட்டன. நிரல் பிழைச்செய்தி எதுவும் காட்டாது. எண்ணிக்கை மட்டும் சத்தமில்லாமல் குறைந்துவிடும். சான்றைக் கேட்டிருக்காவிட்டால் மூன்று பேருக்கு வீணாக அநீதி செய்திருப்போம். திருத்தியபின் r = 2-இல் 32 பேர், r = 3-இல் 36 பேரும். இந்த முறை r = 2-இல் தோற்ற தேடல்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்; எல்லாவற்றிலும் தலைப்புகளைவிட மாணவர்கள் ஒருவர் கூடுதலாக இருந்தார்கள்.

அவற்றில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் வந்த கேள்விகள் எல்லாம் அதைச் சுற்றியே இருந்தன. வரிசை எண் 31-க்கு முதல் விருப்பம் பேருந்து வருகைக் கணிப்பு, இரண்டாவது மண் ஈர உணரி. 7-க்குப் பேருந்து, பிறகு ஓலைச்சுவடி எழுத்துணரி. 12-க்கு ஓலைச்சுவடி, பிறகு பேருந்து. 19-க்கு மண் ஈரம், பிறகு ஓலைச்சுவடி. நால்வரின் முதல் இரண்டு விருப்பங்களும் மூன்றே தலைப்புகளுக்குள் அடங்கிவிட்டன. 7, 12, 19 ஆகியோரிடம் அவரவர் முதல் விருப்பம் இருந்தது; 31-லிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் அதே வட்டத்துக்குள்தான் சுற்ற முடிந்தது. மூன்றாம் விருப்பக் கோடுகள் சேர்ந்தவுடன் ஒரு வாசல் திறந்தது: 12 மூன்றாவதாக எழுதியிருந்த நிலத்தடி நீர்மட்டம் காலியாக இருந்தது. பாதை 31-லிருந்து பேருந்துக்கும், அதை வைத்திருந்த 7-இடமும், அங்கிருந்து ஓலைச்சுவடிக்கும், அதை வைத்திருந்த 12-இடமும், கடைசியில் நிலத்தடி நீருக்கும் சென்றது. நகர்த்தியபின் 31-க்குப் பேருந்து, 7-க்கு ஓலைச்சுவடி, 12-க்கு நிலத்தடி நீர்; 19-இன் இடம் மாறவில்லை.

r = 3 என்று தெரிந்ததுமே பட்டியலை வெளியிட்டுவிடவில்லை. பாதை தேடும் முறைக்கு எல்லோரையும் உள்ளே கொண்டுவருவது மட்டுமே இலக்கு. யார் எத்தனையாவது விருப்பத்துக்குத் தள்ளப்படுகிறார் என்பதை அது பார்ப்பதில்லை. அது தந்த ஒதுக்கீட்டில் 17 பேருக்கு முதல் விருப்பம், 12 பேருக்கு இரண்டாவது, 7 பேருக்கு மூன்றாவது. எனவே மூன்று விருப்ப எல்லைக்குள்ளேயே, மொத்தச் செலவு மிகக் குறைவாக வரும் ஒதுக்கீட்டைக் கண்டுபிடிக்கும் `scipy.optimize.linear_sum_assignment`-ஐ ஓட்டினேன். முதல் விருப்பத்துக்கு 0, இரண்டாவதற்கு 1, மூன்றாவதற்கு 100, மற்ற எல்லாவற்றுக்கும் 10000 என்று செலவு வைத்தேன். 36 பேரும் இரண்டாம் விருப்பத்துக்குப் போனாலும் செலவு 36தான் என்பதால், மூன்றாம் விருப்பத்தில் ஒருவரைக்கூடத் தேவையில்லாமல் அது விட்டுவைக்காது. முடிவில் 20 பேருக்கு முதலாவது, 12 பேருக்கு இரண்டாவது, 4 பேருக்கு மூன்றாவது. முதல் இரண்டு விருப்பங்களுக்குள் அதிகபட்சம் 32 பேருக்குத்தான் இடம் என்பது முன்பே தெரிந்துவிட்டதால், அந்த நால்வரைக் குறைக்க வேறு வழியே கிடையாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். விருப்பப் படிவத்தை முதலில் வாங்கியபோது ஒரு மாணவர் ஐந்து கட்டங்களிலும் ஒரே தலைப்பை எழுதியிருந்தார். அவரை நகர்த்த வேறு கோடே இல்லாததால், அவரிடம் வரும் பாதை அங்கேயே நின்றுவிடும். அந்தச் சுமை மற்றவர்கள் மேல்தான் விழும். ஐந்தும் வெவ்வேறாக இருந்தால்தான் ஏற்கப்படும் என்று அறிவித்துப் படிவங்களைத் திரும்ப வாங்கினோம்.

பட்டியல் வெளியான அன்று மாலை 12-ஆம் எண் மாணவி என் அறைக்கு வந்தார். மதிப்பெண்ணில் வகுப்பில் இரண்டாமவர். “சார், பழைய முறையாக இருந்திருந்தால் எனக்கு ஓலைச்சுவடிதானே கிடைத்திருக்கும்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பலகையில் நான்கு எண்களையும் மூன்று தலைப்புகளையும் எழுதிக் கோடுகளை அவரையே போடச் சொன்னேன். நால்வரில் ஒருவர் வெளியே வந்தாக வேண்டும் என்பதை அவரே பார்த்துவிட்டார். “அது ஏன் நானாக இருக்க வேண்டும்? 7 ஏன் இல்லை?” என்பது அடுத்த கேள்வி. 7-இன் மூன்றாம் விருப்பம் 23-இன் கையில் இருந்தது. 23-இன் மற்ற இரண்டு தலைப்புகளை வைத்திருந்தவர்களைத் தொடர்ந்து போனால் அவர்களின் கோடுகள் தமக்குள்ளேயே சுற்றி நின்றன. 19-க்கும் 31-க்கும் அப்படியே. கால் மணி நேரம் எல்லாப் பாதைகளையும் பலகையில் நடந்து பார்த்தோம்; காலித் தலைப்பில் முடிந்தது அவருடையது ஒன்றுதான்.

அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்படியென்றால் மூன்றாவதாக நான் மண் ஈரத்தை எழுதியிருந்தால்?” என்றார். அந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அப்படி எழுதியிருந்தால் r = 3-இல் வாசல் திறந்திருக்காது; தேடல் நான்காம் விருப்பங்களுக்குப் போயிருக்கும்; அங்கே வேறொருவர் நகர்ந்திருக்கலாம், அல்லது அவரே நான்காவதற்குத் தள்ளப்பட்டிருக்கலாம். மதிப்பெண் வரிசைப்படி எடுக்கும் முறையில் உண்மை விருப்பத்தை மறைத்து எவரும் ஆதாயம் அடைய முடியாது. எங்கள் முறையில் முடியும். மற்றவர்கள் என்ன எழுதினார்கள் என்று தெரிந்தவருக்கு அது எளிது. தெரியாதவருக்கு அது இருட்டில் கல்லெறிவது போன்றது. எந்தத் தலைப்புக்கு எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை அந்த ஆண்டு படிவத்தின் கீழேயே எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. அடுத்த ஆண்டு முதல் அதை எடுத்துவிட்டோம். படிவம் மூடிய பிறகே எண்ணிக்கை வெளியாகிறது. தோற்ற தேடல்களின் கூட்டங்களையும் ஒதுக்கீட்டுப் பட்டியலோடு சேர்த்தே அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம்.