ஒன்பது பேர் எடையும் ஒரு கோட்டக்கெழுவும்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு பார்க்கிறேன். ஒவ்வொருவரும் பறித்த இலையின் எடை தினமும் நோட்டில் ஏறும், அதிலிருந்து சராசரியை மட்டும் எடுத்து மேலே அனுப்புவது இங்கே பழக்கம். அந்தச் சராசரியை நம்பலாமா என்று பார்க்கத்தான் பக்கத்திலேயே, எண்கள் ஒரு பக்கமாக எவ்வளவு சாய்ந்து கிடக்கின்றன என்று காட்டும் பியர்சனின் கோட்டக்கெழுவையும் போட ஆரம்பித்தேன். சராசரியிலிருந்து இடைநிலையைக் கழித்து, மூன்றால் பெருக்கி, திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

```
=3*(AVERAGE(B2:B10)-MEDIAN(B2:B10))/STDEV.S(B2:B10)
```

ஒரு நாள் கணக்கு இது, கிலோவில்: 18, 20, 21, 22, 22, 23, 24, 26, 58. சராசரி 26, இடைநிலை 22, திட்ட விலக்கம் 12.2, கெழு 0.98. எட்டுப் பேர் 26-ஐத் தாண்டவில்லை, ஆனால் தாளில் 'சராசரி 26' என்று நிற்கிறது. இதை வைத்து இலக்கு போட்டால் பாவம், அந்த எட்டுப் பேர்தான் திட்டு வாங்குவார்கள். 58-ஐ எடுத்துவிட்டால் சராசரியும் 22, இடைநிலையும் 22, கோட்டம் பூஜ்யம்.

இதுவரை கெழு சரியாகத்தான் சொல்கிறது. சரி, அந்த 58 இடத்தில் 94 இருந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். சராசரி 30, திட்ட விலக்கம் 24.1, கெழு 0.995. முப்பத்தாறு கிலோ கூடியும் கெழு அசையவே இல்லை! ஏனென்றால் அந்த ஒரே எண் மேலே இருக்கும் வித்தியாசத்தையும் கீழே இருக்கும் திட்ட விலக்கத்தையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகிறது. ஒரே ஒரு எண் மட்டும் விலகிப் போய்க்கொண்டே இருந்தால், அது எவ்வளவு தூரம் போனாலும் கெழு 3/√n என்ற மதிப்பைத்தான் நெருங்கும், ஒன்பது பேருக்கு அது 1. பொதுவாக இந்தக் கெழு -3 முதல் 3 வரை போகலாம் என்று படித்துவிட்டு, 0.98-ஐப் பார்த்து 'மிதமான கோட்டம்' என்று ஒதுக்கினால் தப்பு. இவ்வளவு சின்னக் கணக்கில், ஒரு எண் தனியாக ஓடினால் கிடைக்கக்கூடிய உச்சத்தையே அது கிட்டத்தட்டத் தொட்டுவிட்டது.

மேஸ்திரியிடம் கேட்டேன். "அது புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் இலைங்க சார், ஒரே பேர்ல எழுதிட்டாங்க" என்றார். ஆளுக்கு 29 என்று பிரித்துப் பத்துப் பேராக்கினால் சராசரி 23.4, இடைநிலை 22.5, திட்ட விலக்கம் 12.2-இலிருந்து 3.7-க்கு இறங்கிவிடுகிறது. கெழுவோ 0.74-இல் நிற்கிறது. தவறான பதிவுக்கு 0.98, திருத்திய கணக்குக்கு 0.74, இந்த இரண்டை மட்டும் பார்த்து எது கோளாறான நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இப்போது கெழுவைத் தனியாக அனுப்புவதில்லை, இடைநிலையும் திட்ட விலக்கமும் அன்றைய அதிகபட்ச எடையும் அதே வரியில் போகின்றன. இலக்கு போடும்போது இடைநிலையைப் பாருங்கள் என்று மேலாளரிடமும் சொல்லியிருக்கிறேன்.