நடுராத்திரியில் குளித்தது யார்?

ஜனவரி 12, 2025, ஞாயிறு

மெயின் வயரில் மாட்டிய கவ்வி மீட்டர் டிசம்பர் 1 முதல் நேற்று வரை, சரியாக ஆறு வாரம், நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்திருக்கிறது. கிழமைக்கு ஒரு பத்தி, மணிக்கு ஒரு வரிசை, மொத்தம் 168 கட்டம். மின்செலவு கூடினால் சிவப்பு கூடும். வரைந்து பார்த்தால் நள்ளிரவு 12 மணிக் கட்டத்தில் ஹீட்டர் ஓடுகிறது. எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் யார் குளிக்கிறார்கள்?

நாங்கள் குளிப்பது காலை ஆறு, ஆறரைக்கு. கோப்பில் இருந்தது UTC நேரம், ஐந்தரை மணி பின்னால். மணிக்கணக்காகக் கூட்டிவிட்டு நேரத்தை மாற்றினால் அந்த அரைமணி பிசகும். அதனால் முதலில் நிமிடப் பதிவுகளை மாற்றி, அப்புறம்தான் கூட்டினேன்.

```
df.index = df.index.tz_localize("UTC").tz_convert("Asia/Kolkata")
```

ஜனவரி 13, திங்கள்

இப்போது காலைச் சிவப்பு சரியான இடத்தில் இருக்கிறது. ஆனால் புதன் பகல் மட்டும் தனியாகச் சிவந்து கிடந்தது. காலண்டரைப் பார்த்தபின் சிரிப்பு வந்தது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரண்டுமே புதன். ஆறு புதனில் இரண்டு விடுமுறை. சரி, சராசரியை விட்டு இடைநிலை அளவுக்கு மாறினேன். படம் பளிச்சென்று ஆனது. வீணே இல்லாத உத்தமக் குடும்பம்!

ஜனவரி 18, சனி

உத்தமம் எல்லாம் இல்லை. அந்த இரண்டு புதன்களை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி சராசரி எடுத்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை, ஆளில்லாத பகலில், வெளிறிய ஒரு பட்டை. சனி, ஞாயிறு பகலில் வீட்டில் ஆள் இருந்தும், மின்விசிறியைக் கழித்தால் மணிக்கு 0.12 யூனிட்தான், வார நாளில் 0.17.

நிமிடப் பதிவைத் திறந்தேன். வியாழன், ஜனவரி 9: காலை 10:12க்கு 2000 வாட், ஐந்து நிமிடம், பிறகு அமைதி. மூன்று மணி நேரம் கழித்து மறுபடி அதே ஐந்து நிமிடம். ஹீட்டர் தொட்டியில் தண்ணீர் ஆற ஆற, தெர்மோஸ்டாட் அதைத் திரும்பச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. மூன்று மணிக்கு ஒருமுறைதான் என்பதால் எந்தக் கட்டத்திலும் பாதி நாளுக்குமேல் அது விழவில்லை. இடைநிலை அளவு அதை முழுசாக விழுங்கிவிட்டது.

வார நாளில் கடைசியாகக் குளிப்பவன் நான். சனி, ஞாயிறில் மனைவி. அவள் சுவிட்சை அணைத்துவிடுவாள். காலை 9 முதல் இரவு 9 வரை ஒரு நாளைக்கு 0.6 யூனிட், இரண்டு மாதப் பில்லில் 26 யூனிட் போல வரும். யாரும் தொடாத வெந்நீருக்கு.

ஜனவரி 25, சனி

இந்த வாரம் பட்டை மறைந்துவிட்டது, வியாழன் பகல் 1 மணிக் கட்டம் தவிர: 0.28. மனைவி படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.