அரை பிளேடு எங்கே போகிறது?

கோபியில் ரெண்டு நாற்காலி போட்ட சலூன் எங்களுடையது. பின்னறையில் வீட்டம்மா பெண்களுக்குப் பார்லர் பார்க்கிறார். ஹேர் டை, பிளீச், மூக்குக் குத்துவது எல்லாம் உண்டு. 2023 ஆடி மாசம் வரைக்கும் எங்கள் குப்பை எல்லாமே ஒரே கருப்புப் பையில்தான் போகும். முடி, டை தடவின பஞ்சு, பிளேடு எல்லாம் அதற்குள்தான். பிளேடை மட்டும் உறையிலேயே சுருட்டிப் போட்டுவிட்டால் பத்திரம் என்று நினைப்பு.

ஒருநாள் காலையில் குப்பை வாங்க வரும் அக்கா பையை அமுக்கிக் கட்டும்போது வெடுக்கென்று கையை இழுத்தார். ஆள்காட்டி விரலில் ரத்தம். அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டி.டி. ஊசி போட்ட டாக்டர், ரத்தப் பரிசோதனையும் மஞ்சள் காமாலை பி தடுப்பூசியும் எழுதினார். "காஞ்ச ரத்தத்துலகூட அந்தக் கிருமி ஒரு வாரம் உயிரோட இருக்கும், யார் மேல பட்ட பிளேடுன்னு உங்களுக்கே தெரியாதுல்ல?" என்று என்னைத்தான் கேட்டார். பரிசோதனை முடிவு வரும்வரை எனக்குத் தூக்கமில்லை. ஒன்றுமில்லை என்று வந்தது.

எங்கள் தொழிலில் பிளேடை உறையோடு ரெண்டாக உடைத்து, ஆளுக்கு ஒரு பாதி கத்தியில் மாட்டுவோம். நாளுக்கு இருபத்தைந்து பாதி சேரும். இதை எங்கே கொடுப்பது?

முதலில் பக்கத்துக் கிளினிக்கில் கேட்டேன், அவர்களிடம் மருத்துவக் கழிவு வண்டி வருகிறதே என்று. டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் பை ஒவ்வொன்றிலும் அவர்கள் பெயரில் பார்கோடு இருக்கிறது, என் பிளேடு அதில் போனால் கணக்கு அவர் தலையில். நியாயம்தான்.

அடுத்து நகராட்சி சுகாதார ஆய்வாளர். அப்போது நடப்பில் இருந்த விதியைச் சொல்லி அவர்தான் முடிச்சை அவிழ்த்தார். "சிகிச்சை, பரிசோதனை, தடுப்பூசி இதுல வர்றதுதானுங்க மருத்துவக் கழிவு. சவரம் அதுல வராது. ஆனா ஊசி, ரத்தம் பட்ட பஞ்செல்லாம் 2016 திடக்கழிவு விதியில அபாயக் கழிவுன்னு தனியா இருக்குதுங்க. அதுல வீட்டுக் கழிவுன்னுதான் எழுதியிருக்கு. உங்களதும் அதே மாதிரி தனியாக் கொண்டாங்க, வாங்கிக்கிறோம்" என்றார். கூடவே, எரிக்கவோ புதைக்கவோ சாக்கடையில் விடவோ கூடாது என்றும் சொன்னார். அக்கா கையில் குத்தின நாளிலிருந்து பஞ்சைக் கடைக்குப் பின்னால் கொளுத்திக்கொண்டிருந்தவன் நான், வாயைத் திறக்கவில்லை.

டப்பாவுக்குச் செலவே இல்லை. டைக்குக் கலக்கும் பெராக்சைடு டெவலப்பர் ஒரு லிட்டர் கேன் கெட்டி பிளாஸ்டிக், பிளேடு குத்தாது. மூடியில் அரை அங்குலத்துக்கு ஒரு கீறல் போட்டு, பிளேடும் மூக்குக் குத்திய ஊசியும் அதன் வழியாக நேராக விழும்படி செய்தேன். ஊசிக்கு மூடி திரும்பப் போடுவதில்லை. மூடி போடும்போதுதான் கையில் குத்தும்.

இதில் அதிகப்பிரசங்கித்தனம் ஒன்று செய்தேன். கிருமி சாகட்டும் என்று, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து கேனுக்குள் ஊற்றி, கீறலை டேப்பால் ஒட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கேன் வயிறு உப்பி, 'புஸ்' என்று டேப்பைத் தள்ளிக்கொண்டு நுரை வந்தது. கேனைச் சரியாகக் கழுவாததால் அடியில் டெவலப்பர் மிச்சம் இருந்திருக்கிறது. பெராக்சைடும் பிளீச்சிங் திரவமும் சேர்ந்தால் ஆக்சிஜன் பொங்கும். அதுவாவது பரவாயில்லை, டை குழம்பில் இருக்கும் அம்மோனியாவோடு பிளீச்சிங் திரவம் சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் நச்சுப்புகையே வரும். இப்போது கேனை மூன்று தடவை கழுவிக் காயவைத்துத்தான் வைக்கிறோம். உள்ளே எந்தத் திரவமும் ஊற்றுவதில்லை. திறக்கவே போகாத டப்பாவுக்கு அது தேவையும் இல்லை.

கலக்கி மிஞ்சின டையிலும் பெராக்சைடு பொங்கும் என்பதால் அதையும் மூடி வைக்கக் கூடாது. கிண்ணத்திலேயே திறந்தபடி ராத்திரி முழுக்க விட்டால் காலையில் அடங்கியிருக்கும். கிழித்த செய்தித்தாளில் வழித்துத் தனிப் பையில் போடுகிறோம். ரத்தம் பட்ட பஞ்சு ரெண்டு சுற்றுத் தாளில் மடித்து வேறு பையில். முடியோடு எதுவும் சேராது. மிஞ்சாமல் கலக்குவதுதான் நல்லது. வீட்டம்மா இப்போது சமையல் தராசில் நிறுத்துக் கலக்குகிறார்.

கேன் முக்கால் நிரம்ப ரெண்டு மாசத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு மேல் அடைத்தால் கீறல் வழியாக முனை நீட்டிக்கொண்டு நிற்கும். டேப் சுற்றி, 'பிளேடு, ஊசி - திறக்காதீர்' என்று மார்க்கரில் எழுதி, தேதி போட்டு, நானே நகராட்சிக் குப்பை மையத்தில் கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன்.

முதல் கேனை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அந்த அக்கா வாசலில் நின்றிருந்தார். கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, இத்தனையுமா அந்தப் பையில வந்துட்டிருந்துச்சு?" என்றார்.